இரவு அரிப்பு: பேனா, சிரங்கா, மூட்டைப்பூச்சியா?

வீட்டில் ஒருவர் இரவில் சொறியத் தொடங்கி, சில வாரங்களில் இன்னொருவரும் சொறிந்தால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: தலைப்பேன், சிரங்கு அல்லது மூட்டைப்பூச்சி. மூன்றும் மனித உடலை நம்பிப் பிழைப்பவை, மூன்றும் அரிப்பைத் தருபவை. அதனால் மூன்றுக்கும் ஒரே மாதிரி வைத்தியம் பார்க்கிறார்கள். தலையில் மருந்து, உடம்பில் களிம்பு, மெத்தையில் பூச்சிமருந்து என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டு, அரிப்பு போகவில்லையே என்று மறுபடியும் தொடங்குகிறார்கள்.

உண்மையில் இந்த மூன்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு யாருக்கு மருந்து என்பதில்தான் இருக்கிறது. பேன் என்றால், உயிருள்ள பேன் தலையில் கண்ணில் பட்டவருக்கு மட்டும் மருந்து. சிரங்கு என்றால், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மருந்து. மூட்டைப்பூச்சி என்றால் பூச்சியை ஒழிக்க எவர் உடம்பிலும் மருந்து பூச வேண்டியதில்லை, வைத்தியம் அறைக்குத்தான். இந்த ஒரு முடிவில் தவறினால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் பயன் இருக்காது.

(தமிழில் சீழ் வைத்த எந்தப் புண்ணையும் சிரங்கு என்று சொல்லும் வழக்கம் உண்டு. இங்கே சிரங்கு என்பது ஸ்கேபீஸ் மட்டுமே, அதாவது தோலுக்குள் நுண்ணிய பூச்சி புகுவதால் வருவது.)

எங்கே குடியிருக்கிறது

தலைப்பேனுக்கு உலகமே தலைமுடிதான். வளர்ந்த பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர், ஒரு எள் அளவு. நாளுக்குச் சில முறை தலைத்தோலில் இரத்தம் குடிக்கும். பெண் பேன் முடியின் அடியில், தோலுக்கு ஒட்டினாற்போல் முட்டையிட்டு, கரையாத பசையால் ஒட்டிவிடும். அதுதான் ஈர். தலைத்தோலின் சூட்டில் சுமார் 7 முதல் 10 நாளில் குஞ்சு வெளிவரும். அது வளர்ந்து முட்டையிடத் தொடங்க மேலும் 9 முதல் 12 நாள் ஆகும். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை உரசும்போதுதான் ஏறும். தலைப்பேன் அழுக்கால் வருவதும் இல்லை, நோய் எதையும் பரப்புவதும் இல்லை. டைஃபஸ் போன்ற காய்ச்சலைப் பரப்புவது துணி மடிப்பில் வாழும் உடற்பேன்; அது வேறு.

சிரங்குப்பூச்சி எட்டுக்கால் கொண்டது, உண்ணியின் உறவு. பெண் பூச்சி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரிவது மிகக் கடினம். தோலின் மேலடுக்கைக் குடைந்து சுரங்கம் அமைத்து, அதற்குள்ளேயே நாளுக்கு 2 அல்லது 3 முட்டையிட்டு, ஒன்றிரண்டு மாதம் வாழ்ந்து அங்கேயே மடியும். முட்டை 3, 4 நாளில் பொரியும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக இரண்டு வாரம் வரை ஆகும். உடல் முழுக்க அரித்தாலும் சாதாரணச் சிரங்கில் ஒருவர் மேல் இருக்கும் பூச்சிகள் 10 முதல் 15 வரைதான். அரிப்பைத் தருவது பூச்சியின் எண்ணிக்கை அல்ல. பூச்சி, முட்டை, கழிவு ஆகியவற்றுக்கு நம் உடல் காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பாக வருகிறது.

அந்த ஒவ்வாமை உருவாக நேரம் பிடிக்கிறது. முதன்முறை சிரங்கு தொற்றியவருக்கு 4 முதல் 6 வாரம் வரை எந்த அரிப்பும் இருக்காமல் போகலாம். அதுவரை அவர் அறியாமலே மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். முன்பே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஒன்று முதல் நான்கு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் அரிப்பில்லாதவருக்கும் ஏன் மருந்து என்ற கேள்விக்கு முழு விடை இந்த இடைவெளியில் இருக்கிறது.

மூட்டைப்பூச்சி மற்ற இரண்டையும் போல் உடம்பில் தங்குவதே இல்லை. வளர்ந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர், ஆப்பிள் விதை அளவில் தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். இரவில் வந்து 5 முதல் 10 நிமிடம் இரத்தம் குடித்துவிட்டுத் தன் இடுக்குக்குத் திரும்பிவிடும். மெத்தையின் தையல் விளிம்பு, கட்டில் மூட்டு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சுவரோரப் பிளவு ஆகியவை அதன் வீடு. முட்டை 6 முதல் 10 நாளில் பொரியும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளரும். ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வேளை இரத்தம் வேண்டும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும், குளிர்ந்த இடமென்றால் இன்னும் நீண்ட காலம். அறையை இரண்டு வாரம் பூட்டி வைத்தால் செத்துவிடும் என்ற எண்ணம் பேனுக்கும் சிரங்குக்கும் பொருந்தும், மூட்டைப்பூச்சிக்குப் பொருந்தாது.

எப்படி உறுதி செய்வது

பேனைப் பொறுத்தவரை ஒரே ஒரு சான்றுதான் கணக்கு: உயிரோடு நகரும் பேன். வெறும் கண்ணால் முடியை விலக்கிப் பார்ப்பதில் பாதி தவறும், ஏனென்றால் வெளிச்சம் பட்டதும் பேன் ஓடி ஒளியும். முடியை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசினால் பேனின் ஓட்டம் தடைபடும். பிறகு பல் நெருக்கமான பேன்சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் தாளில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் தொடங்குவது நல்லது.

ஈர் மட்டும் இருந்தால்? முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஈர் முடியோடு ஒட்டியிருப்பதால் முடியோடு சேர்ந்து மேலேறும். தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரிந்த கூடு, இல்லையேல் செத்த முட்டை. அது பழைய கதை. அதற்காக மருந்து போட வேண்டாம். பொடுகை விரலால் தட்டினால் உதிரும், ஈர் உதிராது.

சிரங்கில் பூச்சியைப் பார்ப்பது கடினம் என்பதால் இடத்தைப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி, மார்புக் காம்பு, பிட்டம், ஆண்குறி ஆகிய மறைவான, மடிப்பான இடங்களில் சிறு கொப்புளங்கள் இருக்கும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். கூர்ந்து பார்த்தால் சில மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய, வளைந்த சாம்பல் கோடு ஒன்று கிடைக்கலாம், அதுதான் சுரங்கம். சந்தேகமான கோட்டின் மேல் கழுவினால் போகும் மை பேனாவால் தீட்டி, உடனே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், மேல்மை போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிய மை மட்டும் கருங்கோடாக நிற்கும். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப்பால் பார்க்கலாம், அல்லது தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைக்கலாம். ஆனால் உடல் முழுக்கப் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் என்பதை மறக்கக்கூடாது. சுரண்டலில் பூச்சி கிடைத்தால் உறுதி. கிடைக்காததால் சிரங்கு இல்லை என்று ஆகாது.

மூட்டைப்பூச்சியை உடம்பில் தேடுவது வீண். கடித்த தடத்தை வைத்து முடிவு கட்டவே கூடாது. மூன்று தடிப்பு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்று சொல்வதுண்டு, ஆனால் கொசுவும் பிற பூச்சிகளும் அப்படித் தடம் விடும். ஒரே படுக்கையில் படுக்கும் இருவரில் ஒருவருக்குத் தடிப்பு வரும், இன்னொருவருக்கு எதுவுமே வராது. தடிப்பு வரப் பல நாள் ஆவதும் உண்டு. தேட வேண்டியது படுக்கையில்: டார்ச் ஒன்றும் பழைய அட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டு தையல் விளிம்பை விரித்து, மூட்டுகளில் அட்டையைச் செருகி இழுங்கள். மையில் தோய்த்த ஊசி முனையால் தொட்டது போன்ற கரும்புள்ளிகள், வைக்கோல் நிற உரிதோல்கள், முத்து வெள்ளையில் ஒரு மில்லிமீட்டர் முட்டைகள், உயிருள்ள பூச்சி ஆகியவை அடையாளங்கள். கரும்புள்ளியை ஈரத்துணியால் தொட்டால் மை போலப் பரவும், அது செரித்த இரத்தம்.

அரிப்பு எங்கே என்பதும் நிறையச் சொல்லும். துணி மூடாத கை, கழுத்து, முகம், கால் என்றால் கடி. துணிக்குள் மடிப்புகளில் என்றால் சிரங்கு. காதுக்குப் பின்னும் பிடரியிலும் மட்டும் என்றால் பேன்.

ஒரே மருந்து, மூன்று வலிமை

பெர்மெத்ரின் என்ற பெயர் மூன்று இடத்திலும் வருவதால் குழப்பம் நேர்கிறது. பேனுக்கு 1 சதவீதக் கழுவும் திரவம், 10 நிமிடம். சிரங்குக்கு 5 சதவீதக் களிம்பு, 8 முதல் 14 மணி நேரம். மூட்டைப்பூச்சிக்கு அதே குடும்பத்து மருந்துகள் இடுக்குகளில் தெளிக்கும் வடிவில். தலைக்கான 1 சதவீதத்தை உடம்பில் பூசிச் சிரங்கு போகும் என்று எதிர்பார்ப்பதும், அறைக்குத் தெளிக்கும் மருந்தை உடம்பிலோ தலையிலோ பூசுவதும் நடக்கின்றன. முன்னது பயனற்றது, பின்னது ஆபத்தானது.

பேனிலும் மூட்டைப்பூச்சியிலும் இந்த மருந்துக் குடும்பத்துக்கு எதிர்ப்புத்திறன் பரவலாகிவிட்டது. தலையில் மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். பேன்கள் மந்தமாக நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. உடனே மறுபடி போட வேண்டாம். முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்து அந்தப் பேனுக்குச் செல்லவில்லை. அதே மருந்தை இன்னும் அதிகமாக, இன்னும் நீண்ட நேரம் வைப்பதில் பயனில்லை, வேறு வகைக்கு மாற வேண்டும். சிரங்கிலும் பெர்மெத்ரின் தோல்வி பற்றிய செய்திகள் வருகின்றன. ஆனால் நடைமுறையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூசிய முறையைத்தான்.

ஐந்து பேர் வீடு ஒன்று

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, எட்டு வயதுப் பெண், பத்து மாதக் குழந்தை. பெண் ஆறு வாரமாக இரவில் சொறிகிறாள். அப்பாவுக்கு இரண்டு வாரமாக இடுப்பிலும் மணிக்கட்டிலும் அரிப்பு. அம்மாவுக்குச் சென்ற வாரம் தொடங்கியது. குழந்தையின் உள்ளங்காலில் கொப்புளங்கள். பாட்டிக்கு ஒன்றும் இல்லை. மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையில் இரண்டு முறை மருந்து தெளித்துவிட்டார்கள். அப்பா ஸ்டீராய்டு களிம்பு போட்டார். நான்கு நாள் குறைந்து, பிறகு கூடியது.

இதில் நான்கு துப்பு இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக, வாரங்கள் இடைவெளியில் தொடங்கியிருக்கிறது. அது ஒவ்வாமை உருவாகும் கால அளவு. இடங்கள் எல்லாம் மடிப்புகள். கைக்குழந்தையின் உள்ளங்காலை மூட்டைப்பூச்சி தேடிப்போய்க் கடிக்காது. ஸ்டீராய்டு ஒவ்வாமையை அடக்கி அரிப்பைக் குறைத்தது, பூச்சியை ஒன்றும் செய்யவில்லை. அது தடயத்தை மறைப்பதால் சிரங்கைக் கண்டுபிடிப்பதே தாமதமாகும். படுக்கையை டார்ச்சுடன் தேடியதில் கரும்புள்ளி இல்லை, உரிதோல் இல்லை. மருத்துவர் பெண்ணின் விரல் இடுக்கில் சுரங்கம் பார்த்துச் சிரங்கு என்கிறார். தலையை ஈரமாக்கிச் சீவியதில் பெண்ணுக்கு மட்டும் மூன்று உயிருள்ள பேன்களும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து இருப்பது அரிதல்ல. இரண்டும் நெருங்கிய தொடுதலில் பரவுபவை.

முதலில் களிம்பின் அளவு. பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை பூச 30 கிராம் குழாய் ஒன்று வேண்டும். எட்டு வயதுக்கு அதில் பாதி வரை போதும். கைக்குழந்தைக்கு மிகச் சிறிய அளவே, அதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஆக, மூன்று பெரியவருக்கு மூன்று குழாய், குழந்தைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. ஒரு சுற்றுக்கு நான்கு. இரண்டு சுற்றுக்கு எட்டு. பெரும்பாலான வீடுகளில் ஒரே குழாயை வாங்கி, அரிக்கும் இடத்தில் மட்டும் ஐந்து பேரும் தடவிக்கொள்கிறார்கள். சிரங்கு திரும்பி வர இதைவிடப் பொதுவான காரணம் வேறில்லை.

பூசும் இரவு ஐந்து பேருக்கும் ஒன்றே. குளித்திருந்தால் உடல் குளிர்ந்து உலர்ந்த பின் பூச வேண்டும். தாடையின் கீழிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல்: விரல் இடுக்குகள், நகத்தின் அடி, தொப்புள், அக்குள், பிறப்புறுப்பு, பிட்டத்தின் இடுக்கு, முதுகு. நகத்தை வெட்டிவிட்டு, பழைய பல்துலக்கியால் நகத்தடியில் களிம்பைச் செலுத்துவது எளிது. முதுகுக்கு இன்னொருவர் உதவி கட்டாயம். குழந்தைக்கும் பாட்டிக்கும் தலை, நெற்றி, காதுகள், பிடரியிலும் பூச வேண்டும், கண்ணையும் வாயையும் தவிர்த்து. குழந்தை கையைச் சப்பாமல் இருக்க மெல்லிய உறை மாட்டலாம். அம்மா பால் கொடுப்பவர் என்றால் கொடுக்கும் முன் காம்பைக் கழுவித் துடைத்து, கொடுத்தபின் மறுபடி பூச வேண்டும். இரவில் கை கழுவினால் கையில் மறுபடியும் பூச வேண்டும். இந்தச் சிறு விஷயம் விட்டுப்போவதால், பூச்சி மிகுதியாக இருக்கும் விரல் இடுக்கு இரண்டு மணி நேரம்கூட மருந்தைப் பார்ப்பதில்லை.

காலையில் குளித்துவிட்டுத் துவைத்த துணி உடுத்த வேண்டும். கடந்த மூன்று நாளில் உடம்பில் பட்ட துணி, துண்டு, விரிப்பு, தலையணை உறை எல்லாம் 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைக்கலாம், அல்லது சூடான உலர்த்தியில் போடலாம். துவைக்க முடியாத பஞ்சுப் பொம்மை, கனமான போர்வை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். உடம்பை விட்ட பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாது. வீடு முழுக்க மருந்து அடிக்கத் தேவையே இல்லை. அந்த உழைப்பையும் கவலையையும் களிம்பு பூசுவதில் செலவிடுவது மேல்.

ஏழாம் நாள் இரவு இதே முழுச் சுற்று மறுபடியும், ஐந்து பேருக்கும். முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் 3, 4 நாளில் பொரிந்திருக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன் இரண்டாம் சுற்று அவற்றைப் பிடிக்கும். அதனால்தான் ஒரு வாரம் என்ற இடைவெளி. மறுநாளே மறுபடி பூசுவதால் லாபமில்லை. தோல் எரிச்சல்தான் மிஞ்சும்.

களிம்பு பூசுவது நடைமுறையில் இயலாத பெரிய குடும்பங்களுக்கும் விடுதிகளுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை நல்ல மாற்று. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், உணவோடு, 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை. அறுபது கிலோ எடைக்கு 12 மில்லிகிராம். அது முட்டையைக் கொல்லாது என்பதால் இரண்டாம் வேளையை விடக்கூடாது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆகவே இந்த வீட்டில் பத்து மாதக் குழந்தைக்குக் களிம்புதான்.

பெண்ணின் தலைக்கு இரண்டு வழி. ஒன்று 1 சதவீத பெர்மெத்ரின்: கண்டிஷனர் போடாத ஷாம்பூவால் அலசித் துண்டால் ஒற்றியெடுத்த முடியில் பூசி, 10 நிமிடம் கழித்து அலசி, ஒன்பதாம் நாள் மறுபடியும். கண்டிஷனர் முடியின் மேல் படலமாக நின்று மருந்தை ஒட்டவிடாது. மருந்துக்குப் பின் ஒன்றிரண்டு நாள் தலை அலசக்கூடாது. ஒன்பதாம் நாள் என்பது நாள்காட்டியின் விதியல்ல, பேனின் விதி: அதற்குள் பெரும்பாலான ஈர்கள் பொரிந்துவிடும், பொரிந்த குஞ்சு எதுவும் இன்னும் முட்டையிடும் வயதை எட்டியிருக்காது. இன்னொன்று 4 சதவீத டைமெத்திகோன். இது நஞ்சல்ல, ஒருவகை சிலிகோன் எண்ணெய். பேனை மூடிச் செயலிழக்கச் செய்கிறது, ஆகவே பெர்மெத்ரினை எதிர்க்கும் பேனும் இதற்குத் தப்பாது. உலர்ந்த முடியில் வேரிலிருந்து நுனிவரை ஊறவைத்து 8 மணி நேரம் விட்டு அலசி, ஒரு வாரத்தில் மறுபடியும். இந்த வீட்டுக்கு நாம் சொல்வது இதைத்தான்: களிம்பு பூசும் அதே இரண்டு இரவுகளில் தலைக்கும் முடிந்துவிடும், ஒரே மருந்து உடம்பிலும் தலையிலும் சேராது. ஆனால் இத்தகைய சில தயாரிப்புகள் தீப்பிடிக்கக்கூடியவை. தலையில் இருக்கும்வரை அடுப்பு, விளக்கு, ஹேர் டிரையர் அருகே போகக்கூடாது.

மற்ற நால்வர் தலையையும் சீவிப் பார்க்க வேண்டும், மருந்து போட வேண்டாம். பெண்ணுக்கு 5, 9, 13 ஆம் நாள்களில் ஈரத் தலையில் சீவிப் பார்ப்பது ஏதேனும் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும். சீப்பு, தொப்பி, தலையணை உறையைச் சூடான நீரில் நனைத்தால் போதும். வீட்டை ஒட்டடை அடிக்க வேண்டியதில்லை. மொட்டையும் தேவையில்லை.

அடுத்த கேள்வி, சரியாகிவிட்டதா என்பதை எப்படி அறிவது. சிரங்கில் இரண்டாம் சுற்றுக்குப் பின்னும் 2 முதல் 4 வாரம் அரிக்கலாம். செத்த பூச்சியும் முட்டையும் தோலுக்குள்தான் கிடக்கின்றன. தோல் புதுப்பித்துத் தள்ளும்வரை ஒவ்வாமை தொடரும். இந்தக் காலத்தில் ஈரப்பதக் களிம்பும், அரிப்புக்கு மருத்துவர் தரும் மாத்திரையும் போதும். அரிப்பு வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். நான்கு வாரம் கழித்தும் புதிய சுரங்கமும் புதிய கொப்புளமும் வந்துகொண்டிருந்தால், வீட்டில் யாரோ பூசவில்லை, அல்லது அடிக்கடி வந்து தங்கும் ஒருவர் விட்டுப்போனார், அல்லது மருந்து மாற வேண்டும். கொப்புளம் சீழ் பிடித்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், முகம் வீங்கினால், சிறுநீர் பழுப்பானால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சொறிந்த புண்ணில் புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தப் பின்விளைவுகளும் காரணம்.

பாட்டி போன்ற வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கையிலும் முழங்கையிலும் தடித்த பொருக்கு படிந்து, அரிப்பே அதிகம் இல்லாமல் இருந்தால் அது பொருக்குச் சிரங்காக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வருவது. அதில் பூச்சிகள் பத்துப் பதினைந்து அல்ல, ஆயிரக்கணக்கில், சில நேரம் இலட்சக்கணக்கில் இருக்கும். உதிரும் பொருக்கிலும் படுக்கையிலும் பூச்சி இருக்கும் என்பதால் அங்கே மட்டும் அறைச் சுத்தமும் பெரிய விஷயம். இதற்கு வீட்டு வைத்தியம் கூடாது.

அது மூட்டைப்பூச்சியாகவே இருந்திருந்தால்

அதே வீட்டில் தையல் விளிம்பில் கரும்புள்ளிகள் கிடைத்திருந்தால் திட்டம் முழுக்க மாறும். முதல் விதி, வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். பூச்சி பசியோடு தேடிவரும், அந்த அறையும் தொற்றும். மெத்தையை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பதும் அதே விளைவைத் தரும்.

இங்கே நம்பகமான ஆயுதம் சூடு. வளர்ந்த பூச்சி 48 டிகிரியில் இருபது நிமிடத்தில் சாகும். முட்டைக்கு அதே சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 50 டிகிரியைத் தாண்டினால் முட்டையும் விரைவில் சாகும். துணிகளைப் பையில் கட்டியே எடுத்துச் சென்று 60 டிகிரியில் துவைக்கலாம், அல்லது சூடான உலர்த்தியில் அரை மணி ஓட்டலாம். சூடு தாங்காத சிறு பொருள்களை மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். தையல் விளிம்புக்கும் கட்டில் மூட்டுக்கும் நீராவிக் கருவி. முனையை மெல்ல நகர்த்தினால்தான் சூடு உள்ளே இறங்கும், வேகமாக அடித்தால் பூச்சியை ஊதித் தள்ளிவிடும். மெத்தையை வெயிலில் போடுவது மட்டும் போதாது: மேற்பரப்பு கொதித்தாலும் உள்ளடுக்கு அந்தச் சூட்டை எட்டுவதில்லை, பூச்சியும் நிழல் பக்கம் நகர்ந்துவிடும்.

புகைபோல் அறையை நிரப்பும் மருந்துக் குப்பிகளை வாங்காதீர்கள். மருந்துத் துளிகள் திறந்த பரப்பில் படிகின்றன, இடுக்குக்குள் போவதில்லை. பூச்சிகள் மேலும் சிதறலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவது வீட்டையே எரித்துவிடக்கூடிய செயல். டயட்டமேசியஸ் எர்த் என்னும் நுண்தூளை இடுக்குகளில் மிக மெல்லிய படலமாகத் தூவினால், பூச்சியின் மேலுள்ள மெழுகை உறிஞ்சி அது நீரிழந்து சாகும். சில நாள் முதல் சில வாரம் ஆகும். குவித்துக் கொட்டினால் பூச்சி சுற்றிப் போய்விடும், தூள் நம் மூச்சில் போகும்.

மெத்தையை ஜிப் வைத்த முழு உறையில் மூடி, ஓர் ஆண்டு கழற்றாமல் விட்டால் உள்ளே சிக்கியவை பட்டினியால் முடியும். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, போர்வை தரையைத் தொடாமல் செருகி, நான்கு காலடியிலும் வழுவழுப்பான இரட்டைச் சுவர்க் கிண்ணம் வையுங்கள். ஏறவரும் பூச்சியும் இறங்கும் பூச்சியும் அதில் விழும். எது எந்த வளையத்தில் கிடக்கிறது என்பதைப் பார்த்தால் பூச்சி கட்டிலில் இருக்கிறதா அறையில் இருக்கிறதா என்று தெரியும். முட்டைகள் பொரியும் காலத்தைக் கணக்கிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுத் தேடலையும் நீராவியையும் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று சுற்று ஆவது வழக்கம். பக்கத்து வீட்டுச் சுவர் பொதுவாக இருந்தால் அவர்கள் வீட்டையும் அதே வாரத்தில் தேட வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம், நீங்கள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டிருக்கும்போதே, கிண்ணங்கள் காலியாக இருந்தால் அறை சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.